புதுக் கணக்கு சில நிமிடங்களிலேயே முடக்கப்படுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேஸ்புக்கில் புதிதாகக் கணக்கு தொடங்குகிறீர்கள். முகப்புப் படத்தைக்கூட ஏற்றி முடிக்கவில்லை, அதற்குள் கணக்கு முடக்கப்பட்டதாகத் திரையில் அறிவிப்பு வந்துவிடுகிறது. "ஒரு வரிகூட எழுதவில்லையே, எந்த விதியை மீறினோம்?" என்று பலரும் குழம்புவது இங்கேதான். இப்படி வரும் முடக்கத்துக்குப் பெரும்பாலும் நீங்கள் பதிவிட்டது காரணமாக இருக்காது. கணக்கைத் தொடங்கிய விதம்தான் காரணமாக இருக்கும்.

2018-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் 58.3 கோடி போலிக் கணக்குகளை முடக்கியதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை தொடங்கிய சில நிமிடங்களிலேயே முடக்கப்பட்டவை. அடுத்த ஆண்டு அதே மூன்று மாதங்களில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 220 கோடியானது. இவ்வளவையும் மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க முடியாது, தானியங்கி மென்பொருள்தான் முடிவெடுக்கிறது. பழைய கணக்கு என்றால் அதற்குப் பார்க்க ஆண்டுக்கணக்கான வரலாறு இருக்கும்: எந்த போனிலிருந்து வழக்கமாக நுழைகிறார், யாரோடு பேசுகிறார் என்றெல்லாம். புதுக் கணக்கில் அது எதுவும் இல்லை. எந்த இணைய இணைப்பு, எந்தக் கருவி, என்ன எண், என்ன பெயர், என்ன பிறந்த தேதி, முதல் சில நிமிடங்களில் என்ன செய்தார் என்ற சில தடயங்கள்தான் கிடைக்கும். அவற்றில் ஒன்று பிசகினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மூன்று நான்கு ஒன்றாகப் பிசகும்போது, நேர்மையான ஆளின் கணக்கும் போலிக் கணக்கைப் போலவே தெரிகிறது.

எந்தத் தடயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. ஆகவே "மணிக்கு இத்தனை பேருக்கு நட்பு அழைப்பு அனுப்பலாம்" என்று யாராவது துல்லியமாக எண் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். ஒரு வாசகர் வட்டத்தின் பொறுப்பாளர், வட்டத்துக்கென்று ஃபேஸ்புக் கணக்கு தொடங்க நினைக்கிறார். இணைய இணைப்பை வேறோர் இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியில் உட்கார்கிறார். பெயர் கேட்கும் இடத்தில் வட்டத்தின் பெயரையும், பிறந்த தேதி கேட்கும் இடத்தில் வட்டம் தொடங்கிய தேதியையும் கொடுக்கிறார். இதற்கென்றே வாங்கிய புது சிம் எண்ணைப் பதிகிறார். கணக்கு திறந்ததும் உறுப்பினர்கள் நாற்பது பேருக்கு அடுத்தடுத்து நட்பு அழைப்பு அனுப்புகிறார். ஏற்றுக்கொண்டவர்களுக்கெல்லாம் ஒரே செய்தியை, வட்டத்தின் இணையதள முகவரியோடு ஒட்டி அனுப்புகிறார். பத்து நிமிடத்தில் கணக்கு போய்விடுகிறது. அவர் செய்ததில் எதிலும் கெட்ட நோக்கம் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு தவறு.

அமைப்பின் பெயரும் அமைப்பின் பிறந்த நாளும்

ஃபேஸ்புக்கில் தனிக்கணக்கு என்பது ஒரு மனிதருக்கானது. அமைப்புக்கும் கடைக்கும் உரியது 'பக்கம்'. அதை ஒருவருடைய தனிக்கணக்கின் உள்ளிருந்துதான் தொடங்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் அமைப்பின் பெயரிலேயே கணக்கு வைக்கலாம் என்பதால், அதே பழக்கத்தை இங்கும் கொண்டுவந்து பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிறந்த தேதி இதைவிட நேரடியான கண்ணி. பெரும்பாலான சமூக வலைத்தளங்களில் குறைந்தபட்ச வயது 13. ஐந்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய வட்டத்தின் தேதியைக் கொடுத்தால், ஐந்து வயதுக் குழந்தை கணக்கு தொடங்கியதாகத்தான் கணக்காகும். 2019 மார்ச்சில், பிறந்த ஆண்டை 2007 என்று மாற்றினால் ட்விட்டரில் புதிய வண்ணங்கள் தெரியும் என்று ஒரு புரளி பரவியது. அதை நம்பி மாற்றியவர்கள் கணக்கு பூட்டப்பட்டு வெளியே நின்றார்கள். வயது விஷயத்தில் மென்பொருள் சூழலைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. இன்ஸ்டாகிராமில் அமைப்புக்கான கணக்காகவே இருந்தாலும், அதை நடத்துபவரின் உண்மையான பிறந்த தேதியைத்தான் கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டு தவறுகளும் பின்னால் இன்னொரு விதத்தில் கழுத்தைப் பிடிக்கும். மேல்முறையீட்டில் அடையாள அட்டை கேட்டால், அதில் இருக்கும் பெயரும் தேதியும் கணக்கில் இருப்பதோடு பொருந்த வேண்டும். வட்டத்தின் பெயரில் யாரிடமும் அடையாள அட்டை இருக்காது.

உண்மையில் அந்தப் பொறுப்பாளருக்குப் புதுக் கணக்கே தேவையில்லை. அவரோ வேறொரு உறுப்பினரோ பல ஆண்டுகளாக வைத்திருக்கும் சொந்தக் கணக்கிலிருந்து பக்கத்தைத் தொடங்கி, மற்ற இரண்டு மூன்று பேருக்கு நிர்வாக அனுமதி கொடுத்தால் போதும். பக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு நிர்வாகியின் சொந்தக் கணக்கு தெரியாது. வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு ஃபேஸ்புக் கணக்கு வைத்திருப்பதற்கும் அனுமதி இல்லை. ஒரே கணக்குக்குள் கூடுதல் சுயவிவரங்களை உருவாக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

யாருடைய இணைப்பு, யாருடைய எண்

விபிஎன் வழியாகப் போகும்போது, இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி வீட்டு இணைப்பின் முகவரியாகத் தெரியாது. ஏதோ ஒரு தரவு மையத்தின் முகவரியாகத் தெரியும். அதே முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமானோர் பயன்படுத்துவார்கள், கணக்குகளை மொத்தமாக உருவாக்கி விற்பவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களால் கெட்டுப்போன பெயர் உங்கள் கணக்கின் மேல் விழுகிறது. எண் ஒரு நாட்டையும் ஐபி இன்னொரு நாட்டையும் காட்டினால் சந்தேகம் கூடும். கணக்கு தொடங்கும்போதும் அதற்கடுத்த சில நாட்களும் விபிஎன்னை நிறுத்திவைப்பதே நல்லது.

விபிஎன் இல்லாமலும் இது நடக்கும். கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைப்பது வழக்கம். விடுதி, கல்லூரி, அலுவலகம் ஆகியவற்றின் வைஃபையும் அப்படித்தான். ஒரு பயிற்சி வகுப்பில் இருபது பேர் ஒரே வைஃபையில் ஒரே அரைமணி நேரத்தில் கணக்கு தொடங்கினால், வெளியிலிருந்து பார்க்க அது கணக்குத் தொழிற்சாலை போலவே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அவரவர் கைப்பேசியின் டேட்டாவில் தொடங்குவது நல்லது. வீட்டுக்குப் போய்த் தொடங்குவது அதைவிட நல்லது.

எண்ணைப் பொறுத்தவரை, புது சிம் என்பது பல நேரங்களில் புது எண் அல்ல. பயன்பாட்டில் இல்லாத எண்ணை நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கின்றன. முன்பு வைத்திருந்தவரின் கணக்கோடு, ஒருவேளை முடக்கப்பட்ட கணக்கோடு, அந்த எண் இன்னும் இணைந்திருக்கலாம். பதிவு செய்யும்போது "இந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால், வலுக்கட்டாயமாகத் தொடராமல் நீங்கள் நெடுநாளாக வைத்திருக்கும் எண்ணுக்கு மாறுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தற்காலிக எண்களையும், சில நிமிடங்களில் அழிந்துவிடும் மின்னஞ்சல்களையும் தொடவே வேண்டாம். அவற்றை ஏற்கெனவே பல்லாயிரம் பேர் பயன்படுத்தியிருப்பார்கள்.

முதல் நாளின் வேகம்

நாற்பது அழைப்புகள், ஒரே செய்தி, ஒரே இணைப்பு என்று புதிதாக வந்தவுடன் செய்வது விளம்பரக் குப்பை அனுப்புபவர்களின் முறை. அதனால்தான் அதற்குக் கதவு இவ்வளவு வேகமாக மூடுகிறது. முதல் நாளில் மின்னஞ்சலையும் எண்ணையும் உறுதிப்படுத்துங்கள், முகம் தெரியும் படம் ஒன்றை வையுங்கள், இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள், நன்கு தெரிந்த சிலரை மட்டும் சேருங்கள். அவர்கள் ஏற்றுக்கொள்வதே நல்ல தடயம். வெளி இணைப்புகள், குழுக்களில் சேர்தல், விளம்பரத்துக்காகக் கட்டண அட்டையை இணைத்தல் ஆகியவற்றை ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். ஒரு வாரம் என்பது அதிகாரபூர்வ விதி அல்ல, எங்கள் கணிப்பு.

முடக்கமா, சோதனையா?

திரையில் வருவது எல்லாமே முடக்கம் அல்ல. "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்" என்று வந்தால் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் தவறு. எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ வர வேண்டிய உறுதிப்படுத்தும் குறியீடு தாமதமானால் திரும்பத் திரும்பக் கேட்பதும் தவறு. பொதுவாகப் புதிய குறியீடு வந்ததும் பழையது செல்லாமல் போகும். தாமதமாக வந்த பழையதை இட்டு இரண்டு மூன்று முறை தவறினால் மேற்கொண்டு முயல முடியாமல் பூட்டிவிடும். ஒருமுறை கேட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள், கடைசியாக வந்ததை மட்டும் இடுங்கள்.

இரண்டாவது கணக்கு

முடக்கம் வந்ததும் பெரும்பாலானோர் செய்வது வேறொரு மின்னஞ்சலில் உடனே இன்னொரு கணக்கு தொடங்குவது. எல்லாத் தவறுகளிலும் அதிகச் சேதம் செய்வது இதுதான். போன் அதே, இணைப்பு அதே, பெயரும் அதே. தடையைத் தாண்டிவர முயலும் ஆளாக உங்களைப் பார்க்க இதைவிட வலுவான தடயம் கிடைக்காது. இரண்டாவது கணக்கு முதலாவதைவிட வேகமாகப் போகும், அதன் நிழல் முதல் கணக்கின் மேல்முறையீட்டிலும் விழலாம்.

செய்ய வேண்டியது மேல்முறையீடு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் பொதுவாக 180 நாள் அவகாசம் உண்டு, அதற்குப்பின் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும். கணக்கு தொடங்கிய அதே கருவியில், விபிஎன் இல்லாமல், அதே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையுங்கள். மேல்முறையீட்டுப் பொத்தான் அங்கேயே இருக்கும். அடையாள அட்டை கேட்டால் நான்கு மூலைகளும் தெரியும்படி, வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல், பெயரும் பிறந்த தேதியும் படிக்கும்படி படமெடுங்கள். முகக் காணொளி கேட்டால் கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றிவிட்டு, சன்னலைப் பார்த்து நின்று, தலையை மெதுவாகத் திருப்புங்கள். அனுப்பியபின் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

இந்த நேரத்தில் "கணக்கை மீட்டுத் தருகிறோம்" என்று சிலர் தேடி வருவார்கள். நிறுவனத்துக்குள் ஆள் இருப்பதாகச் சொல்லிப் பணமோ குறியீடோ கேட்பார்கள். கொடுத்தால் பணத்தோடு மின்னஞ்சலும் போகும். வரும் கடிதம் உண்மையானதா என்று பார்க்க, அனுப்பியவரின் முகவரியில் @ குறிக்குப்பின் இருப்பதைப் படியுங்கள்: ஃபேஸ்புக்கின் அறிவிப்புகள் `facebookmail.com` என்ற முகவரியிலிருந்தும், இன்ஸ்டாகிராமின் அறிவிப்புகள் `mail.instagram.com` என்ற முகவரியிலிருந்தும் வரும்.

வட்டத்தின் பெயரில் தொடங்கிய அந்தக் கணக்கு மேல்முறையீட்டில் திரும்பக் கிடைப்பது கடினம். ஏனென்றால் அது தனிமனிதரின் கணக்கே அல்ல. அதைத் துரத்திக்கொண்டு நாட்களைக் கழிப்பதைவிட, பழைய கணக்கு வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் பக்கத்தைத் தொடங்கிவிடலாம். நாற்பது பேருக்கும் செய்தி அனுப்புவதற்குப் பதில், பக்கத்தின் முகவரியை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை பகிர்ந்தால் அவர்களே வந்து சேர்ந்துகொள்வார்கள்.