விடியும் முன்பே அணையும் சோலார் தோட்ட விளக்கு: பேனலா, பேட்டரியா என்று கண்டறிந்து சரிசெய்யும் முறை

தோட்டத்து மண்ணில் குத்தி வைக்கும் சிறிய சோலார் விளக்குகள் வாங்கிய புதிதில் விடிய விடிய எரியும். ஓரிரு ஆண்டுகளில் இரவு பத்து மணிக்கே அணையத் தொடங்கும். இந்த நிலையில் பலரும் விளக்கையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பேட்டரியை வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். குறை பேனலில் இருக்கிறதா, பேட்டரியில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிந்துவிட்டால், பெரும்பாலான விளக்குகளைக் குறைந்த செலவில் மீட்டுவிடலாம்.

இந்தச் சிறு விளக்கின் உள்ளே இருப்பவை நான்கே பொருள்கள்: ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஒரு சிறு பேனல், ஏஏ அளவிலான 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி ஒன்று, ஓர் எல்.இ.டி, அதை எரியவைக்கும் சிறு சர்க்யூட். வெள்ளை எல்.இ.டி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும் என்பதால், பேட்டரியின் 1.2 வோல்ட்டை அந்தச் சர்க்யூட் உயர்த்திக் கொடுக்கிறது. இத்தகைய மலிவான விளக்குகளில் இருட்டை உணர்வதற்குத் தனியான சென்சார் பெரும்பாலும் இருக்காது. பேனலில் மின்னழுத்தம் குறைந்தால் இருட்டிவிட்டது என்று சர்க்யூட் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பக்கத்தில் தெருவிளக்கோ வாசல் விளக்கோ இருந்தால் சில சோலார் விளக்குகள் எரியாமலே இருந்துவிடுகின்றன. எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

படி 1: எத்தனை மணிக்கு அணைகிறது என்று பாருங்கள்

நல்ல வெயில் அடித்த நாளின் இரவில் விளக்கு எப்போது எரியத் தொடங்குகிறது, எப்போது அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எரிந்த சில மணி நேரத்துக்குள், அதாவது ஒன்பது, பத்து மணி அளவில் அணைந்தால் பேட்டரியின் மீது சந்தேகம் கொள்ளலாம். நள்ளிரவைத் தாண்டி இரண்டு, மூன்று மணி வரை எரிந்து அணைந்தால், பேட்டரி இன்னும் ஓரளவு நன்றாக இருக்கிறது, பகலில் அதற்குப் போதிய மின்சாரம் வந்து சேரவில்லை என்று பொருள். பேனலில் அழுக்குப் படிந்த விளக்கு, அதே இடத்தில் உள்ள மற்ற விளக்குகளைவிட மாலையில் சற்று முன்னதாகவே எரியத் தொடங்குவதும் உண்டு. பேனலுக்குள் புகும் வெளிச்சம் குறைவதால், அந்தி வெளிச்சமே அதற்கு இருட்டாகிவிடுகிறது.

படி 2: பேனலைத் துடையுங்கள்

தூசியும் பறவை எச்சமும் மட்டும் இருந்தால், மென்மையான துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும். வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் பேனலின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டாம், காலையிலோ மாலையிலோ செய்யுங்கள். செடிகளுக்குப் போர்வெல் தண்ணீர் தெளிக்கும் தோட்டங்களில் பேனலின் மேல் வெண்மையான உப்புக்கறை படியும், அது சோப்புக்குப் போகாது. சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துச் சில நிமிடம் பேனலின் மேல் போட்டு வைத்தால் கறை இளகும். பாத்திரம் தேய்க்கும் நாரால் மட்டும் தேய்க்கவே கூடாது, அதனால் விழும் கீறல்கள் நிலையாகத் தங்கிவிடும்.

துடைத்த பிறகும் பேனல் மங்கலாக, பால் படிந்தது போலவோ மஞ்சளாகவோ தெரிந்தால், அது அழுக்கு அன்று. விலை குறைந்த பேனல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மேலே எப்பாக்ஸி என்ற பிசின் ஊற்றப்பட்டிருக்கும், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதை நாளடைவில் மங்கச் செய்துவிடும். கார் முன்விளக்கை மெருகேற்றும் பாலிஷ் கொண்டு மெதுவாகத் தேய்த்து, தெளிவான வார்னிஷை மெல்லியதாக ஒருமுறை பூசினால், மேற்பரப்பில் மட்டும் உள்ள மங்கல் பெருமளவு விலகும். மஞ்சள் உள்வரை இறங்கிவிட்டிருந்தால் அந்தப் பேனலை மீட்பது கடினம்.

படி 3: பேட்டரியைப் பேனலிலிருந்து பிரித்துச் சோதியுங்கள்

இந்தச் சோதனைதான் முடிவைச் சொல்லும். பேட்டரியைக் கழற்றி, நிக்கல் வகை பேட்டரிகளுக்கான வீட்டுச் சார்ஜரில் முழுமையாகச் சார்ஜ் செய்து, மீண்டும் விளக்கில் போட்டு அன்றிரவே எரியவிடுங்கள். முழு இரவும் எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, குறை பேனல் பக்கத்தில்தான். அப்போதும் பத்து மணிக்கே அணைந்தால், பேட்டரி மூப்படைந்துவிட்டது, பேனலை எவ்வளவு துடைத்தாலும் பயன் இருக்காது. சார்ஜரே பேட்டரியை ஏற்க மறுத்தாலும் முடிவு அதுதான். சார்ஜர் இல்லாதவர்கள், நன்றாக எரியும் அதே வகை விளக்கின் பேட்டரியையும் இதையும் இடம் மாற்றிப் போட்டு, ஒரு வெயில் நாள் கழித்துப் பார்க்கலாம். குறை பேட்டரியுடன் சேர்ந்து மற்ற விளக்குக்குப் போனால் ஐயமே இல்லை.

பேட்டரியைக் கழற்றும்போது அது உட்காரும் உலோகத் தகடுகளையும் கவனியுங்கள். பச்சையாகவோ வெண்மையாகவோ பொடி பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. கையுறை அணிந்து, வினிகர் தொட்ட பஞ்சால் அதைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தகட்டைப் பளபளக்கத் தேயுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால், இந்தத் தகடுகள்தான் காரணமாக இருக்கும்.

ஒரு விளக்கின் கணக்கு

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இதையே எண்களால் உறுதி செய்துகொள்ளலாம். நண்பகல் வெயிலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை 200 மில்லி ஆம்பியர் நிலையில் வைத்து, பேட்டரி உட்காரும் இரு தகடுகளிலும் அதன் முனைகளைத் தொட்டால், பேனல் தரும் மின்னோட்டம் தெரியும். ஒரு விளக்கில் அழுக்குடன் 35 மில்லி ஆம்பியரும், துடைத்த பின் 52 மில்லி ஆம்பியரும் வருவதாகவும், எரியும்போது விளக்கு 15 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். காலை முதல் மாலை வரையிலான வெயிலை, ஏறத்தாழ 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று கொள்ளலாம். உள்ளே போகும் மின்சாரத்தில் முக்கால் பங்குதான் திரும்பக் கிடைக்கும் என்று கொண்டால், துடைத்த பேனல் நாளொன்றுக்கு 195 மில்லி ஆம்பியர் மணியும், அழுக்குப் பேனல் 131 மில்லி ஆம்பியர் மணியும் சேர்க்கும்.

மாலை ஆறரை முதல் காலை ஆறு வரை பதினொன்றரை மணி நேரம் எரிய, இந்த விளக்குக்கு 173 மில்லி ஆம்பியர் மணி தேவை. ஆகவே துடைத்த பேனலில் விடியும் வரை எரிந்து சற்று மிச்சமும் இருக்கும், அழுக்குப் பேனலில் மூன்று மணிக்குச் சற்று முன்பின்னாக அணையும். இதே விளக்கு இரவு பத்தரைக்கே, அதாவது நான்கு மணி நேரத்தில் அணைகிறது என்றால், பேட்டரியில் வெறும் 60 மில்லி ஆம்பியர் மணிதான் தங்குகிறது. மேலே 600 என்று அச்சிட்டிருந்தாலும், பத்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்கிறது.

இதே கணக்கு, 2000 அல்லது 2500 என்று போட்ட பேட்டரி வாங்கினால் மூன்று மடங்கு நேரம் எரியும் என்ற எண்ணம் தவறு என்பதையும் காட்டுகிறது. குழாயில் வரும் தண்ணீர் அதே அளவாக இருக்கும்போது பெரிய குடம் வைப்பதால் தண்ணீர் கூடிவிடாது. வெளியில் முழுமையாகச் சார்ஜ் செய்து போட்ட முதல் சில இரவுகள் அருமையாக எரியும், ஆனால் பேனலின் வரவு செலவை ஈடுகட்டாத விளக்கில் அந்தச் சேமிப்பு தீர்ந்ததும் பழைய நிலைக்கே வந்துவிடும். பலர் அப்போது புதிய பேட்டரியைக் குறை சொல்கிறார்கள். மறுபுறம், பேட்டரி மிகவும் சிறியதாகவும் இருக்கக் கூடாது. பேனல் தரும் மில்லி ஆம்பியரைப் போல் பத்து மடங்காவது அதன் கொள்ளளவு இருந்தால்தான், நாள் முழுதும் வெயிலில் சார்ஜ் ஆகும்போது சூடேறாமல் தாங்கும். மேலே சொன்ன விளக்குக்கு 600 முதல் 1000 வரை பொருத்தமான அளவு.

படி 4: பேட்டரி வகையை மாற்றலாமா?

பழைய விளக்குகளில் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அதற்குப் பதிலாக நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியைத் தாராளமாகப் போடலாம், ஏனெனில் இரண்டுமே 1.2 வோல்ட். கடுங்கோடையில் மூடிய விளக்குக்குள் வெப்பம் ஏறும்போது, மெட்டல் ஹைட்ரைடு சார்ஜை முழுதாக ஏற்றுக்கொள்ளாது என்பது மட்டுமே அதன் குறை. காட்மியம் நச்சுப்பொருள் என்பதால், அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு மாற்றிவிடுவதே சரி என்பது என் கருத்து.

டார்ச்சில் போடும் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைப் போடக் கூடாது. விளக்கு எரியத்தான் செய்யும், ஆனால் மறுநாள் பகலில் பேனல் அதைச் சார்ஜ் செய்ய முயலும்போது அது கசிந்து சர்க்யூட்டையும் கெடுத்துவிடும்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. 14500 என்ற லித்தியம் பேட்டரி ஏறத்தாழ ஏஏ அளவிலேயே இருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்கார்ந்துவிடும். 1.2 வோல்ட் விளக்கில் 3.2 வோல்ட் லித்தியம் பேட்டரியைப் போட்டால், 2 வோல்ட் பேனலால் அதைச் சார்ஜ் செய்யவே முடியாது, எல்.இ.டியும் சர்க்யூட்டும் கருகக்கூடும். அளவு பொருந்துவதை நம்பாமல், பழைய பேட்டரியின் மேல் அச்சிட்ட வோல்ட்டையும் வகையையும் படித்தே வாங்குங்கள்.

கம்பத்தில் மாட்டும் தெருவிளக்குகளில் பெரும்பாலும் லித்தியம்தான் இருக்கும், ஆனால் அதிலும் இரு வகை உண்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 3.2 வோல்ட் என்று குறிக்கப்பட்டு 3.65 வோல்ட்டில் நிறையும். லித்தியம் அயான் 3.7 வோல்ட் என்று குறிக்கப்பட்டு 4.2 வோல்ட்டில் நிறையும். இரண்டும் 18650 என்ற ஒரே அளவில் கிடைக்கின்றன. பாஸ்பேட்டுக்கான விளக்கில் அயானைப் போட்டால், சர்க்யூட் 3.65 வோல்ட்டிலேயே சார்ஜை நிறுத்திவிடுவதால் பேட்டரியின் பெரும்பகுதி காலியாகவே இருக்கும், விளக்கு முன்பைவிடச் சீக்கிரமே அணையும். அயானுக்கான விளக்கில் பாஸ்பேட்டைப் போட்டால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி பேட்டரி கெடும். வகையை மாற்றியே தீர வேண்டும் என்றால், சார்ஜ் செய்யும் போர்டையும் அந்த வகைக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும், தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதில் இறங்க வேண்டாம். அதே வகையையே வாங்கும்போதும், முனைகளில் உலோகப் பட்டை ஒட்டப்பட்ட பேட்டரியாகக் கேளுங்கள். லித்தியம் பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டரிங் செய்வது ஆபத்தானது.

கழற்றிய பழைய பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டித் தனியே வையுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிகளுக்கும் பொருந்தும் என்பதால், வீட்டுக் குப்பையில் சேர்க்காமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.