கேள்வி இல்லாத பதில்: வாட்ஸ்அப் குறிப்புகளில் நான் செய்த தவறுகள்

சந்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. மா விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் உருப்படியான பதில் வந்தால் அதை நகலெடுத்து கூகுள் கீப்பில் போட்டு, #மா என்று லேபிள் வைத்துவிடுவேன். இரண்டு வருடத்தில் இருநூறு குறிப்பு சேர்ந்துவிட்டது. போன தை மாதம் பூவில் தத்துப்பூச்சி இறங்கியபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது.

தேடியதில் கிடைத்தது ஒரே வரி: "இமிடாகுளோப்ரிட், லிட்டருக்கு 0.3 மில்லி போதும்." அதை நம்பி மருந்து கலக்கப் போனேன். அண்ணன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது 30.5 சதவீதம்டா. அந்தக் கணக்கு எதுக்குச் சொன்னது?" என்றார். குழுவில் பழைய பேச்சைத் தேடிப் பிடித்தால், கேட்டவர் கையில் இருந்தது 17.8 சதவீத மருந்து. அதே அளவை ஊற்றியிருந்தால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு மருந்து போயிருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை மட்டும் நகலெடுத்தால் அதன் எழுத்து மட்டும்தான் வரும். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்பது வராது. பார்வர்டு செய்தாலும் அதே கதைதான். இப்போது கேள்வியை அழுத்திப் பிடித்து, பதிலையும் சேர்த்துத் தேர்வு செய்து நகலெடுக்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் தேதியும் பெயரும் கூடவே வந்துவிடுகின்றன. குரல் பதிவாக வந்த பதிலைக் கேட்டு எழுதத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

அடுத்தது லேபிள். #மா, #மாமரம், #மாங்காய் என்று மூன்று வைத்திருந்தேன், குறிப்புகள் மூன்றாகச் சிதறிக் கிடந்தன. அதைவிடப் பெரிய தவறு, முழுக்க மாந்தோப்பாக இருக்கிறவன் #மா என்று வைத்தது. எல்லாமே மாதானே! இப்போது வேலை நடக்கும் பருவத்தை வைக்கிறேன்: #பூ, #பிஞ்சு, #அறுவடை, #கவாத்து. கூடவே #செய்யலை அல்லது #செய்தாச்சு.

ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் திருப்பிப் படிக்கப் பார்த்தேன். ஆடி மாதம் தத்துப்பூச்சியைப் பற்றிப் படித்தால் மனசில் ஒட்டுமா? மூன்றாவது வாரமே விட்டுவிட்டேன். இப்போது கார்த்திகைக் கடைசியில் ஒரு நினைவூட்டல், அன்றைக்கு #பூ மட்டும். இருபது குறிப்புதான், அரை மணி நேரம்.

அந்த ஒற்றை வரியையும் மாற்றி எழுதினேன்: "தத்துப்பூச்சி. இமிடாகுளோப்ரிட் 17.8 சதவீதத்துக்கு மட்டும் லிட்டருக்கு 0.3 மில்லி. வேறு சதவீதம் என்றால் பாட்டில் லேபிளைப் பார். #பூ #செய்யலை."