வென்படத்தின் நடுவில் இருக்கும் அந்த 2-ஐ எத்தனை முறை எண்ணுவது?

அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அவள் வகுப்பில் 45 பேர், யார் யார் எந்தெந்த கிளப்பில் இருக்கிறீர்கள் என்று கேட்டு, போர்டில் மூன்று வட்டம் போட்டு எண்களை எழுதியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு கிளப்பிலாவது இருப்பவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. "மாமா, ஃபார்முலால போட்டா 41 வருது, மிஸ் 35ங்கறாங்க." நான் அப்போது கிண்டி தாண்டி எலக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், அதனால் இங்கே வரும் கணக்கெல்லாம் மனசிலேயே போடக்கூடியதுதான்.

முதலில் போட்டோவைப் பார்த்தபடியே கணக்கில் இறங்காதீர்கள். ஒரு தாளில் மூன்று வட்டம் வரைந்து, பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக மாற்றி எழுதுங்கள், ஏனென்றால் சாக்பீஸ் எழுத்தில் 1-ம் 7-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூன்று வட்டம் வெட்டிக்கொண்டால் உள்ளே ஏழு துண்டு, வெளியே ஒன்று. இந்தப் போட்டோவில் தெரிந்தது இவ்வளவு:

```
செஸ் மொத்தம் 19, நாடகம் 15, சுற்றுச்சூழல் 17
செஸ் பிறை 8, நாடகப் பிறை 6, சுற்றுச்சூழல் பிறை ?
செஸ்-நாடகம் 4, நாடகம்-சுற்றுச்சூழல் 3, செஸ்-சுற்றுச்சூழல் 5
நடு 2
```

பிறை என்று நான் சொல்வது, ஒரே ஒரு கிளப்பில் மட்டும் இருப்பவர்களின் துண்டு. கேள்விக்குறி போட்ட இடத்தில் ஜன்னல் வெளிச்சம் பட்டு எண் மறைந்துவிட்டது. வட்டங்களுக்கு வெளியே எழுதியிருந்த எண் போட்டோவுக்குள்ளேயே வரவில்லை.

அடுத்துதான் முக்கியமான வேலை. செஸ்ஸும் நாடகமும் சேரும் இடத்தில் 4 என்று இருக்கிறதே, அது "செஸ்ஸிலும் நாடகத்திலும் இருப்பவர்கள்" எண்ணா, இல்லை "அந்த இரண்டில் மட்டும் இருப்பவர்கள்" எண்ணா? 'மட்டும்' என்ற ஒரு சொல்லில்தான் முழு வித்தியாசமும். மூன்று கிளப்பிலும் இருக்கும் அந்த 2 பேர் முதல் வகையில் உள்ளே இருப்பார்கள், இரண்டாவது வகையில் இருக்க மாட்டார்கள்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்துவிடலாம். எல்லாத் துண்டிலும் எண் தெரியும் ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு நான்கு துண்டையும் கூட்டுங்கள். செஸ்: 8 + 4 + 5 + 2 = 19. வட்டத்துக்கு மேலே எழுதியிருப்பதும் 19, ஆக இவை 'மட்டும்' எண்கள்தான்.

இப்போது ஃபார்முலாவுக்கு வருவோம். A செஸ், B நாடகம், C சுற்றுச்சூழல்.

```
n(A∪B∪C) = n(A) + n(B) + n(C)
           - n(A∩B) - n(B∩C) - n(A∩C)
           + n(A∩B∩C)
```

இதில் வரும் n(A∩B) 'மட்டும்' இல்லாத எண். அவள் 51 − 12 + 2 = 41 என்று போட்டிருக்கிறாள்; 4, 3, 5 மூன்றையும் அப்படியே கழித்துவிட்டாள். நடுவில் இருக்கும் 2 பேரையும் ஒவ்வொன்றிலும் சேர்த்தால் 6, 5, 7. அப்புறம் 51 − 18 + 2 = 35. மிஸ் சொன்னது சரி.

கடைசியில் ஏன் +2 என்று பலருக்கும் குழப்பம். அந்த இருவரில் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். மூன்று வட்டத்தையும் கூட்டும்போது அவர் மூன்று முறை வந்துவிடுகிறார். ஜோடிகளைக் கழிக்கும்போது மூன்று முறையும் போய்விடுகிறார், கணக்கில் ஆளே இல்லை. அதனால் ஒரு முறை திரும்பச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

இதிலிருந்தே தப்பைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி கிடைக்கிறது. 41-க்கும் 35-க்கும் வித்தியாசம் 6, அதாவது நடு எண்ணைப் போல மூன்று மடங்கு. தற்செயல் இல்லை: மூன்று ஜோடியிலும் நடுவில் இருப்பவர்களைக் கழிக்க மறந்தால் வித்தியாசம் எப்போதும் அவ்வளவுதான் வரும். உங்கள் விடை சரியான விடையைவிட மூன்று நடு அளவு கூடவோ குறையவோ இருந்தால், 'மட்டும்' விஷயத்தில் சறுக்கியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு அளவில் தப்பினால் எண்ணைத் தவறாகப் படித்தீர்களா என்று போட்டோவை மறுபடி பாருங்கள்.

மறைந்த எண்கள் இனி சுலபம். சுற்றுச்சூழல் பிறை 17 − 3 − 5 − 2 = 7, எந்தக் கிளப்பிலும் இல்லாதவர்கள் 45 − 35 = 10. ஏழு துண்டையும் கூட்டினாலும் 8 + 6 + 7 + 4 + 3 + 5 + 2 = 35 வருகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று, பிறைகளில் எண்ணே எழுதாமல் வட்ட மொத்தமும் வெட்டும் இடங்களில் 6, 5, 7, நடுவில் 2-ம் மட்டும் இருந்திருந்தால் இந்தச் சோதனை நடக்காது. 'மட்டும்' என்று படித்தால் 29 பேர், அப்படி இல்லையென்றால் 35 பேர், இரண்டிலும் எந்தத் துண்டும் மைனஸில் போகாது. அப்போது போட்டோவை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை; எந்தக் கிளப்பிலும் இல்லாதவர்கள் 16 பேரா 10 பேரா என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லித்தான் எண்ண வேண்டும்.