திருகோணமலையில் ஆறு மாத லீவு: காற்றைப் பார்க்காமல் திட்டம் போடாதீர்கள்

வேலையிலிருந்து சில மாதங்கள் விலகி ஊரில் வந்து இருக்கப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பலரும் அந்தக் காலத்தை நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்: கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு நீச்சல் பழகுவது, ஒரு நடைப் பயணம், வாசிப்பு. பிரித்து வைப்பது நல்ல முறைதான். ஆனால் எந்தப் பகுதி எந்த மாதத்தில் வரவேண்டும் என்பதைக் கொழும்பு அலுவலகத்தின் நாட்காட்டியை வைத்து முடிவு செய்கிறார்கள். திருகோணமலையில் அதை முடிவு செய்வது காற்று.

வழக்கமாக நடப்பது இதுதான். டிசெம்பரில் போனஸ் வரும், அதோடு லீவைத் தொடங்கலாம் என்று நினைப்பார்கள். டிசெம்பரில் இங்கே வாடைக் காற்று. ஒக்டோபரில் பிடிக்கிற மழை ஜனவரி வரை விட்டு விட்டுப் பெய்யும், நவம்பரும் டிசெம்பரும் அதில் உச்சம். உப்புவெளிக் கடற்கரையில் நின்றால் அலை மணலை அரித்துக்கொண்டு போவது தெரியும். நிலாவெளியிலிருந்து படகில் போவதெல்லாம் அந்த நாட்களில் நடக்காத காரியம். கடலுக்கென்று வைத்த இரண்டு மாதமும் வீட்டுத் திண்ணையில் கழியும். கடல் அடங்கும்போது லீவில் பாதி போயிருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் கடைசி இரண்டு மாதத்துக்குள் திணிக்கப் பார்ப்பார்கள்.

நம் கடலில் இறங்கப் பழக நல்ல காலம் மார்ச் பிற்பகுதி தொடங்கி மே வரை. வாடை ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் வலுக்காத இடைவெளி அது. ஜூன் முதல் கச்சான் தரையிலிருந்து சூடாக வீசும். கடல் அப்போதும் கரையோரம் அடக்கமாகத்தான் இருக்கும், ஆனால் மதியத்துக்குப் பிறகு வெக்கை தாங்காது, காற்று கடலை நோக்கித் தள்ளும். புதிதாக நீந்துகிறவருக்கு அது நல்லதல்ல. கடலோடிகளுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். மேற்குக் கரையிலிருந்து மீன்பிடிக் குடும்பங்கள் இங்கே வந்து வாடி போடுவதும் கரைவலை இழுப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

என் மச்சாள் ஒருத்தி கொழும்பில் கணக்காளர். அவளும் டிசெம்பர் என்றுதான் சொன்னாள். இருவரும் உட்கார்ந்து மார்ச் நடுவிலிருந்து செப்டெம்பர் நடு வரை என்று மாற்றினோம். முதலில் ஓய்வு, அடுத்து கடல், அடுத்து நடை, கடைசியில் வீடு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு போகும்போதே மற்றத் தவறுகளும் வந்துவிடும்.

பணத்தை மாதக் கணக்கில் பிரிப்பது

பெரும்பாலானவர்கள் சேமிப்பை ஆறால் வகுத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று வைக்கிறார்கள். பகுதிகளின் செலவு அப்படிச் சமமாக இருக்காது. கடல் மாதங்களில் படகு, கருவி, பூங்கா நுழைவுச்சீட்டு என்று பணம் ஓடும். நடைப் பயணத்தில் வழிநெடுகக் கோயில்களில் அன்னதானம், செலவு மிகக் குறைவு. வீட்டு வேலை தொடங்கினால் மறுபடியும் ஏறும்.

மச்சாள் டிசெம்பர் போனஸை இரண்டாகப் பிரித்து நிலையான வைப்பில் போட்டாள். ஒன்று மூன்று மாதத்துக்கு, அது மார்ச்சில் முதிரும், கடலுக்கு. மற்றது ஆறு மாதத்துக்கு, ஜூனில் முதிரும், வீட்டுக்கு. இடையில் வைப்பை உடைத்தால் வட்டி குறையும் என்பதால் கை தானாகக் கட்டுப்படும்.

இன்னொன்றும் உண்டு, இது பெரியது. ஐந்து வருடம் நிறைய ஆறு மாதம் இருக்கும்போது சிலர் ராஜினாமா செய்கிறார்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தால்தான் பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில். அந்த ஆறு மாத அவசரத்தில் இரண்டரை மாதச் சம்பளம் போய்விடும். சம்பளமில்லா லீவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், கிடைத்தால் கடிதமாக வாங்குங்கள். அந்த மாதங்களில் சம்பளம் இல்லாததால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் சேராது. அந்த இழப்பையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓய்வுக்கு முடிவு நாள் வைக்காதது

லீவு தொடங்கிய மறுநாளே நீச்சலுக்குப் போகிறவர்களும் உண்டு, ஓய்வு என்று தொடங்கி ஜூன் வரை படுத்திருப்பவர்களும் உண்டு. நான்கு கிழமை போதும். மார்ச்சில் தொடங்கினால் பங்குனி உத்தரத்தை ஒட்டிக் கோணேசர் கோயில் திருவிழா வரும், பிறகு சித்திரை வருடப் பிறப்பு. உறவினர் எல்லாரையும் அந்த நாட்களிலேயே பார்த்து முடித்துவிடலாம். வருடப் பிறப்புக் கொண்டாட்டம் முடிகிற கிழமையே கடல் தொடங்கும் நாள் என்று வைத்தால் இழுபடாது.

கடலைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது

இதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. முதல் கிழமையிலேயே படகு பிடித்துப் புறாமலைக்குப் போய்விடுகிறார்கள். அது 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், முருகைக்கல் கைக்கெட்டும் ஆழத்தில் கிடக்கும். நீந்தத் தெரியாதவர் பயந்தவுடன் என்ன செய்வார்? காலை ஊன்றுவார். காலுக்குக் கீழே இருப்பது உயிருள்ள முருகைக்கல். அது உடையும், பாதமும் கிழியும். முருகைக்கல் வெட்டிய காயம் சீக்கிரம் ஆறாது, பழுக்கும். இரண்டு கிழமைக்குக் கடலில் இறங்க முடியாது. பல வருடங்களாக வளர்ந்த கல் ஒரு மிதியில் போவது அதைவிடப் பெரிய கவலை.

மச்சாளுக்கு நாங்கள் போட்ட ஒழுங்கு ஆறு கிழமை. கிழமைக்கு நான்கு நாள், காலை ஆறு மணிக்கு உப்புவெளியில், நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க. முதல் கிழமை இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை உள்ளே வைத்து மூச்சை வெளியே விடுவது மட்டும்தான். வளர்ந்த பிறகு பழகுகிறவர்களில் பெரும்பாலானோர் தண்ணீருக்குள் மூச்சை அடக்கிப் பிடிக்கிறார்கள். அடக்கினால் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். காற்று குறைந்ததால் வருவதல்ல அது, விட வேண்டிய காற்றை விடாததால் வருவது. மூக்காலும் வாயாலும் மெதுவாகக் குமிழி விட்டு, தலையைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்து, மறுபடியும் உள்ளே. பத்துத் தடவை தொடர்ந்து பதறாமல் செய்ய முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் மூன்றாம் கிழமைகளில் மிதப்பதும் கால் அடிப்பதும். உப்புத் தண்ணீர் உடம்பைத் தாங்கும், உடம்பைத் தளர விட்டால் போதும். அதன் பிறகு நீச்சல், ஆனால் எப்போதும் கரைக்குச் சமாந்தரமாக, கால் எட்டுகிற ஆழத்தில். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்துக் கரையை நோக்கிப் போராடக் கூடாது. பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஐந்தாம் கிழமைதான் முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும். கண்ணாடி வாங்கும்போது பட்டியைத் தலையில் மாட்டாமல், கண்ணாடியை மட்டும் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். விழுந்தால் பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் புகும். ஆறாம் கிழமை புறாமலை, காலை முதற் படகில், மிதவைச் சட்டையோடு, காலைக் கீழே வைக்காமல்.

நடைக்குத் தனியாகத் தயாராகலாம் என்று நினைப்பது

கடல் முடிந்து நடைப் பகுதி தொடங்கும்போதுதான் நடக்கப் பழகலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நீந்தினால் மூச்சு வலுக்கும், பாதம் வலுக்காது. ஆகவே கடல் காலத்திலேயே, நீந்தப் போகாத மூன்று நாளும் விடியற்காலையில் நிலாவெளி வீதியில் நடக்க வேண்டும். ஐந்து கிலோமீற்றரில் தொடங்கி மே கடைசியில் பதினைந்து வரை வந்தால் போதும். எந்தச் செருப்போடு போகப் போகிறீர்களோ அதே செருப்போடு நடந்து பாருங்கள்.

கதிர்காமப் பாத யாத்திரை வடக்கிலிருந்து வந்து திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகப் போகிறது. இங்கிருந்து கதிர்காமம் வரை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், கூட்டத்தோடு கோயில் கோயிலாகத் தங்கிப் போனால் ஒரு மாதம் பிடிக்கும். முழுவதையும் நடந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மச்சாள் உகந்தை முருகன் கோயிலில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அங்கிருந்து கும்புக்கன் ஆற்றைக் கடந்து, குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமம் வரை நாலைந்து நாள். வழியில் கடை கிடையாது, தண்ணீரைச் சுமக்க வேண்டும், கூட்டத்தை விட்டுத் தனியே நடக்கக் கூடாது, யானையும் கரடியும் உள்ள காடு.

இங்கே திட்டத்தில் விடும் பிழை, திகதியை நிலையாக எழுதி வைப்பது. கதிர்காமக் கொடியேற்றம் சந்திரக் கணக்கில் வருவதால் வருடத்துக்கு வருடம் மாறும், காட்டுப் பாதையும் அதை ஒட்டிக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே திறக்கும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை வேறெதையும் பூட்டி வைக்காமல் விடுங்கள். திகதி வந்த பிறகு மற்றதை நகர்த்தலாம்.

"சும்மாதானே இருக்கிறாய்"

லீவில் வந்தவருக்கு ஊரில் வேலை குவியும். மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, தங்கச்சியின் பிள்ளையைப் பள்ளியில் விட, காணி உறுதிக்குக் கச்சேரிக்கு அலைய. இவை தேவையான வேலைகள், மறுக்கவும் முடியாது, மறுப்பது சரியுமல்ல. ஆனால் ஒவ்வொன்றாகத் தலையிட்டால் கடலும் இல்லை, நடையும் இல்லை. மச்சாள் செய்தது, வந்த கிழமையே அம்மாவிடம் சொன்னாள்: "அம்மா, ஓகஸ்டும் செப்டெம்பர் பாதியும் முழுக்க வீட்டுக்கு. ஓடு மாற்றுவது, கிணறு இறைப்பது, உறுதி வேலை எல்லாம் அப்போது. அவசரம் என்றால் மட்டும் முதலே கூப்பிடுங்கோ." மாதம் குறித்துச் சொன்னதால் அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பகுதியைக் கடைசியில் வைத்ததற்கும் காற்றுதான் காரணம். ஓகஸ்டில் கிணற்றில் தண்ணீர் தாழ்ந்திருக்கும், இறைத்துத் துப்பரவாக்க அதுதான் நேரம். கூரையில் ஏற வெயில் வேண்டும், ஒக்டோபர் மழைக்கு முன் முடிய வேண்டும். பகல் வெக்கையில் வெளியே வேலை செய்ய முடியாத மணித்தியாலங்கள் வாசிப்புக்கு.

கூரை வேலைக்கு ஆள் பிடிப்பதை மட்டும் ஓகஸ்ட் வரை விடாதீர்கள். மழைக்கு முன் ஊரில் எல்லாரும் ஓட்டுக்காரரைத்தான் தேடுவார்கள். ஜூனில் வைப்பு முதிர்ந்த கையோடு முற்பணம் கொடுத்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.