கடை சாட்பாட்டின் முதல் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் ஒரு சிறிய கடையை எடுத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைப் பார்த்த பெண், "இந்த பச்சை காட்டன் இருக்கா?" என்று எழுதுகிறார். கடையின் சாட்பாட் உடனே பதில் தருகிறது: "வணக்கம்! எங்கள் நிறுவனத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்." கீழே மூன்று பட்டன்கள்: தயாரிப்புகள், சேவைகள், எங்களைப் பற்றி.

அவர் கேட்டதற்கு இதில் எங்குமே பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் புதிதாக வருபவர்தான் முதலில் எழுதுகிறார், சாட்பாட்டின் வணக்கம் அதற்குப் பிறகுதான் போகிறது. அதாவது அந்த வணக்கமே ஒரு கேள்விக்கான பதில். இதை மறந்துவிட்டு இணையதளத்தின் முகப்பைப் போல அதை எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு புடவைக்கும் ஒரு கோடு நம்பர் கொடுத்து, அதையே வாட்ஸ்அப் லிங்க்கில் வைத்துவிடுங்கள்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=S214
```

லிங்க்கை அழுத்தியதும் S214 என்பது தட்டச்சுப் பெட்டியில் தானாக வந்து நிற்கும், அவர் அனுப்பினால் போதும். எந்தப் புடவை என்பது சாட்பாட்டுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுவதால், வணக்கத்தோடு சேர்த்தே விலையையும் ஸ்டாக்கையும் சொல்லிவிடலாம்.

கோடு நம்பர் இல்லாமல் வருபவருக்குத்தான் பட்டன் வேண்டும். இங்கே கடைக்காரரின் மனதில் இருக்கும் பிரிவுகள் பட்டனாகிவிடுகின்றன. "சேவைகள்" என்றால் என்னவென்று கடைக்காரருக்குத் தெரியும், வாங்க வந்தவருக்குத் தெரியாது. கடந்த ஒரு மாதத்தில் வந்த செய்திகளை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். இருக்கிறதா, எத்தனை நாளில் வரும், கொரியர் எவ்வளவு என்று நாலைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வரும். அவற்றை மக்கள் கேட்ட சொல்லிலேயே பட்டனாக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மூன்று பதில் பட்டன்கள்தான் வைக்க முடியும், ஒவ்வொன்றிலும் 20 எழுத்துக்குறிகள்தான். தமிழில் எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். "என் ஆர்டர் எங்கே இருக்கிறது?" என்பதை நாம் எண்ணினால் இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்து 19 வரும். கணினிக்கோ புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள், அது எண்ணினால் 28. செய்தி போகாமல் பிழை வந்து நிற்கும். அவசரத்தில் பலர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை, "ஆர்டர் எங்கே?" என்றால் 13 குறிகளில் முடிந்துவிடும்.

சரி, அந்தப் பட்டன் புதியவருக்கு எதற்கு? இன்னும் எதையுமே வாங்காதவரிடம் ஆர்டரைப் பற்றிப் பேசி, இருக்கும் மூன்று இடங்களில் ஒன்றை வீணாக்கக் கூடாது. செய்தியோடு பெரும்பாலும் போன் நம்பரும் வருகிறது. அந்த நம்பர் ஆர்டர் பட்டியலில் இருந்தால் "ஆர்டர் எங்கே?" காட்டலாம், இல்லாவிட்டால் வேறு. புதியவருக்கு நான் வைப்பது இப்படி இருக்கும்:

"வணக்கம். படத்தின் கீழே உள்ள கோடு நம்பரை அனுப்பினால் ஸ்டாக்கும் விலையும் உடனே சொல்கிறோம். போட்டோ அனுப்பினால் கடையில் இருப்பவர் பார்த்துச் சொல்வார், காலை 10 முதல் இரவு 8 வரை."

பட்டன்கள்: "புடவை இருக்கிறதா?", "எத்தனை நாளில் வரும்?", "ஆளிடம் பேசணும்".

"எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று இதில் எழுதவில்லை, கவனியுங்கள். அப்படி எழுதினால் ஜாக்கெட் தைத்துத் தருவீர்களா என்பதில் தொடங்கி என்னென்னவோ வரும், பாட் முழிக்கும். தன்னால் முடிந்ததை மட்டும் சொல்லி, அடுத்து என்ன அனுப்ப வேண்டும் என்று காட்டும் இரண்டு வரி போதும்.

பட்டனை அழுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சோதித்துப் பாருங்கள். "எத்தனை நாளில் வரும்?" என்பதை அழுத்தியவருக்கு "விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்" என்று வந்தால் அந்தப் பட்டனே வேண்டாம். பின்கோடு கேட்டு நாளைச் சொல்ல வேண்டும். "ஆளிடம் பேசணும்" என்பதை இரவு 11 மணிக்கு அழுத்தினால், காலை 10 மணிக்கு ஆள் வருவார் என்ற பதிலாவது போக வேண்டும். அப்புறம், பழைய செய்தியின் பட்டன்கள் சாட்டிலேயே கிடக்கும். இரண்டு நாள் கழித்து மேலே போய் ஒருவர் அதை அழுத்தினாலும் பாட் குழம்பாமல் பதில் தர வேண்டும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, வணக்கத்துக்கு அடுத்து வந்த செய்திகளை மட்டும் வாரம் ஒருமுறை வரிசையாகப் படியுங்கள். பட்டனைத் தொடாமல் முதலில் கேட்டதையே மறுபடி டைப் செய்திருந்தால், அவருடைய கேள்வி உங்கள் பட்டன்களில் இல்லை என்று அர்த்தம். அந்தக் கேள்வியை அப்படியே குறித்து வைத்துக்கொண்டு, யாருமே அழுத்தாத பட்டனின் இடத்தில் போடுங்கள்.