ஓடையில் கல் தடுப்பு: எவ்வளவு தூரத்துக்கு ஒன்று?

மழைநீர் அரித்த சிறு ஓடையில் சிமென்ட் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கும் தடுப்புக்குக் கணக்கு எளிது. கீழ்த் தடுப்பின் நடு உச்சியும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 100 மீட்டர் நீள ஓடை 5 மீட்டர் இறங்குகிறது என்றால் சரிவு 5 சதவீதம். நடுவில் 1 மீட்டர் உயரமுள்ள தடுப்பு வைத்தால், 1 ÷ 0.05 = 20 மீட்டருக்கு ஒன்று. மட்டம் பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவலே போதும். வேலையை மேட்டிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் கீழ்த் தடுப்பு முதல் மழையிலேயே மண்ணால் நிரம்பிவிடும்.

பெரும்பாலான தடுப்புகள் நடுவில் உடைவதில்லை, ஓரத்தில்தான் போகின்றன. உச்சியைச் சுவர் போல் தட்டையாக முடித்தால் வெள்ளம் கரையை அறுத்துச் சுற்றிப் போய்விடும். அதனால் நடுவை ஓரங்களைவிட 30 சென்டிமீட்டராவது தாழ்த்தி, இரு கரைக்குள்ளும் அரை மீட்டர் தோண்டிக் கல்லைச் செருக வேண்டும்.

தண்ணீர் விழும் கீழ்ப்பக்கத்தை 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டராவது நீளும் சாய்வாக்கி, பெரிய கற்களை வெளியே வையுங்கள். சிறு ஜல்லி உள்ளே போகட்டும். மழைக்குப்பின் அடிவாரத்தில் குழி விழுந்திருந்தால் சாய்வு போதவில்லை என்று பொருள். அங்கே கல் பரப்புங்கள். மேல்பக்கம் வண்டல் சேர்ந்தால் அள்ள வேண்டாம், ஓடையின் சரிவைக் குறைப்பதே அந்த வண்டல்தான்.