டெங்கு காய்ச்சலில் பிளேட்லெட்: தினசரி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது பிளேட்லெட் எவ்வளவு என்றுதான். அந்த எண்ணுக்கு அர்த்தம் வர, கூடவே இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிவதால் வருகிறது. பிளேட்லெட் வேகமாகச் சரிவது அந்தக் கசிவு நெருங்குகிறது என்ற முன்னறிவிப்பு.

படி 1: நாளைக் குறியுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியே முதல் நாள்; பரிசோதனை செய்த தேதி அல்ல. மூன்றாம் நாளில் 90,000 என்பதும் எட்டாம் நாளில் 90,000 என்பதும் ஒன்றல்ல. முன்னதில் சரிவு இன்னும் தொடரும். பின்னது பெரும்பாலும் மீட்சியின் பாதி வழி.

படி 2: நான்கு எண்களை எழுதுங்கள். தினமும் ஒரே லேபில், மருத்துவர் சொன்ன நேரத்தில் ரத்தம் கொடுங்கள். நோட்டில் அன்றைய உச்ச வெப்பநிலை, பிளேட்லெட், வெள்ளை அணுக்கள், பி.சி.வி. ஆகியவற்றை எழுதுங்கள். பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வது. சில ரிப்போர்ட்டுகளில் ஹீமட்டோகிரிட் என்று இருக்கும். பிளாஸ்மா கசியும்போது ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். அலகையும் கவனியுங்கள்: ஒரு லேப் 85,000 என்று எழுதுவதை இன்னொன்று 0.85 லட்சம் என்றோ, ஆயிரக் கணக்கில் வெறும் 85 என்றோ எழுதும். இதனால் தேவையில்லாமல் பதறிய குடும்பங்கள் நிறைய.

படி 3: வரிசையாகப் படியுங்கள். வயது வந்த ஒருவரின் எண்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

| நாள் | காய்ச்சல் | பிளேட்லெட் | வெள்ளை அணு | பி.சி.வி. |
|---|---|---|---|---|
| 3 | 103° | 1,60,000 | 3,200 | 40 |
| 4 | 102° | 1,10,000 | 2,400 | 41 |
| 5 | 99° | 62,000 | 2,600 | 46 |
| 6 | இல்லை | 28,000 | 3,300 | 48 |
| 7 | இல்லை | 31,000 | 4,700 | 43 |
| 8 | இல்லை | 68,000 | 5,400 | 40 |

நான்காம் நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. அதைத் தொடர்ந்து பிளேட்லெட் செங்குத்தாகச் சரிகிறது. ஐந்தாம் நாளில் காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதி அடைவார்கள். உண்மையில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய 24 முதல் 48 மணி நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போகும் அதே வேளையில் பி.சி.வி. 40-லிருந்து 48-க்கு ஏறியிருக்கிறது. இது 20 சதவீத உயர்வு. குறிப்பிடத்தக்க கசிவின் அடையாளம். இவர் இந்த நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

ஏழாம் நாளில் பிளேட்லெட் 3,000 மட்டுமே கூடியிருக்கிறது. எண்ணும் கருவியின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இது அடங்கிவிடும். என்றாலும் அன்றைய செய்தி நல்லதுதான்: வெள்ளை அணுக்கள் முன்னதாகவே ஏறத் தொடங்கிவிட்டன, பி.சி.வி. இறங்குகிறது, நோயாளிக்குப் பசி எடுக்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது. கசிந்த நீர் ரத்தத்துக்குள் திரும்புகிறது. எட்டாம் நாள் அதை உறுதி செய்கிறது. ஆனால் பி.சி.வி. இறங்கும்போது நாடி வேகமாகி, கை கால் சில்லிட்டு, ஆள் சோர்ந்தால் அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம். உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

பப்பாளி இலைச் சாறு கொடுத்ததால்தான் ஏறியது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலானோருக்கு ஏழாம் நாளையொட்டி அது தானாகவே ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 4: நம்ப முடியாத எண்ணைச் சோதியுங்கள். மற்ற எண்கள் நன்றாக இருக்க, பிளேட்லெட் மட்டும் திடீரென 15,000 என்று வந்தால், குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கலாம். கருவி அந்தக் கட்டிகளைச் சரியாக எண்ணாது. கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 5: எண்ணைத் தாண்டிப் பாருங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கறுப்பு மலம், மூச்சிரைப்பு, அசாதாரண மயக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை. இவற்றில் ஒன்று இருந்தாலே, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தாலும்கூட, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாறாக, ரத்தக்கசிவே இல்லாதவருக்கு 28,000 என்ற எண்ணுக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் அந்தப் பேச்சே எழும். ஏற்றியது நெடுநேரம் தங்குவதும் இல்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

தினசரிப் பரிசோதனையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மருந்தின்றி 48 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், பிளேட்லெட் 50,000-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்க, சலைன் இல்லாமலே பி.சி.வி. நிலையாக இருந்தால் பொதுவாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.